புறங்கை அண்ணனும் இரண்டு நாற்பது அலாரமும்

அவருடைய உண்மைப் பெயரைச் சொன்னால் எங்கள் பால் ஆலையில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. புறங்கை அண்ணன் என்று கேட்டால் கேட் காவலாளிகூட விரல் நீட்டி வழி காட்டிவிடுவார். எலக்ட்ரீஷியன். எந்த இயந்திரத்திடம் போனாலும் முதலில் வலது புறங்கையை அதன்மேல் வைப்பார். உள்ளங்கையை வைத்து ஷாக் அடித்தால் விரல்கள் தானாக மடங்கி இயந்திரத்தையே பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் கை உதறிக்கொண்டு வந்துவிடும் என்பார். மோட்டாருக்கு மட்டுமில்லை, டீ டம்ளருக்கும் அதே சோதனைதான். அவர் மனைவி தையல்காரி. ஒருமுறை ஆலைக்கு வந்தபோது, "எனக்குக் காய்ச்சல்னாலும் இவருக்குப் புறங்கைதான். தெர்மாமீட்டர் வாங்கவே விடமாட்டார்" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு சாண் சிவப்பு நூலை எடுத்து டெஸ்டரின் முனையில் கட்டி வைத்திருப்பார். எந்த ஃபேனுக்கு இணைப்புக் கொடுத்தாலும் கடைசியில் அந்த நூலைப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் நகரமாட்டார். பெரிய மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டு இடம் மாறினால் அது எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் சரியாக இருக்கும், மீட்டர் சரியாகக் காட்டும், காற்றுதான் எதிர்ப்பக்கம் போகும். குளிர் அறைக்குப் புது ஃபேன் மாட்டிய கம்பெனி இன்ஜினியர்கள் எல்லாம் முடிந்தது என்று கை கழுவிக்கொண்டிருந்தபோது, இவர் நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், சுத்துது. ஆனா ஊதுறதுக்குப் பதிலா இழுக்குதே" என்றார். அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆலையின் நெட்வொர்க் என் பொறுப்பு. மாடியில் ஒரு சின்ன அறை. அதில் ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் எங்கள் முக்கிய ஸ்விட்ச். விளக்குப் போடும் ஸ்விட்ச் இல்லை. ஆலையின் எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் பெட்டி அது. பால் தொட்டிகளின் வெப்பநிலை, லாரி எடை, பாக்கெட்டில் தேதி அச்சடிக்கும் இயந்திரம் எல்லாம் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அது நின்றால் தொட்டியின் சூடு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சூடு பதிவாகாத பாலைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.

அதனால்தான் அதன் பின்பக்கம் இரண்டு பவர் சப்ளை, மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டிகள், தனித்தனி ஃபேனோடு. ஒன்று போனாலும் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கும். ஆனால் நிறுவியவர்கள் இரண்டு ஒயரையும் ஒரே பிளக் பலகையில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பலகை போனால் இரண்டும் சேர்ந்து போகும். இதைக் கண்டுபிடித்ததும் அண்ணன்தான். "ரெண்டு மூக்கு இருக்கு, மூச்சு ஒரு ஓட்டை வழியாத்தான் வருது தங்கச்சி" என்று சொல்லி, ஒன்றை ஒரு யூபிஎஸ்ஸிலும் மற்றொன்றைத் தனி லைனில் வரும் இன்னொரு யூபிஎஸ்ஸிலும் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் இரண்டரை மணிக்கு அந்த அறைக்குப் போய் யூபிஎஸ் அளவுகளைக் குறித்துவிட்டு வருவார். சுவரில் தொங்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். சனிக்கிழமை நான் போய்ப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்தைப் போடுவேன். பதினோரு வருடமாக அவர் ஒப்பந்தத் தொழிலாளி. வருடத்துக்கு ஒருமுறை மேனேஜர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருடம் வேலை. போன வருடம் நிரந்தர வேலை ஒன்று காலியானபோது இவரை விட்டுவிட்டு வெளியாள் ஒருவரை எடுத்தார்கள். அன்று வேலைத் தலைக்கவசத்தைக் கழற்றி மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வழக்கம்போல் வந்தார். ஆனால் மேனேஜர் அந்தத் தலைக்கவசத்தை மறக்கவில்லை.

கோடை தொடங்குவதற்கு முன்னால் ஸ்விட்ச்சின் இரண்டாவது பவர் சப்ளை உண்மையாகவே செத்துப்போனது. எங்கள் இன்னொரு ஆலையின் ஸ்டோரிலிருந்து ஒன்றை வரவழைத்தேன். அதே அளவு, அதே வாட், அதே மாடல் எண். கடைசி எழுத்து மட்டும் வேறு. சரியாக உள்ளே போய் உட்கார்ந்தது, பச்சை விளக்கு எரிந்தது. இந்த மாதிரி வேலை செய்யும்போது திரையில் அலாரம் வரிசையாக வந்து விழும். பவர் சப்ளை எடுக்கப்பட்டது, மின்சாரம் வரவில்லை, பவர் சப்ளை செருகப்பட்டது என்று பத்துப் பன்னிரண்டு. எல்லாம் நாமே செய்ததுதானே என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்துவிடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. நானும் அழித்தேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன், "தங்கச்சி, அந்தப் பெட்டிக்குப் பின்னாடி சூடு மாறியிருக்கு. ஒரு தடவை பாரேன்" என்றார்.

"பச்சை எரியுதில்லண்ணே, அப்புறம் என்ன?" என்றேன். எனக்குத் தலைக்கு மேல் வேலை.

வெயில் ஏறியபிறகு அது தொடங்கியது. மதியம் இரண்டு நாற்பதுக்கு என் போனில் செய்தி வரும். 'பவர் சப்ளை 2 அணைக்கப்பட்டது அல்லது பழுது.' இருபது இருபத்தைந்து நிமிடத்தில் 'சரியானது' என்று இன்னொன்று. நான் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பார்க்கும்போது பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருக்கும். மறுநாளும் அதேபோல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதுவும் வராது. ஞாயிறு அண்ணனுக்கு வார விடுமுறை.

இனி கேட்பானேன். என் புத்தி அந்தச் செய்தியில் 'அணைக்கப்பட்டது' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டது. 'அல்லது பழுது' என்பது கண்ணிலேயே படவில்லை. தானாக அணைந்து தானாக உயிர்த்தெழுவதாவது! யாரோ பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுகிறார்கள். அந்த நேரத்தில் அறைக்குள் போகிறவர் ஒரே ஒருவர். பதிவேட்டைப் போய்ப் பார்த்தேன். 2.30, 2.30, 2.30 என்று வரிசையாக அவர் கையெழுத்து. நேரக் கட்டத்தை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். பிறகு அவரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். அவர் மாடிப்படி ஏறினால் என் காது விறைத்துக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உள்ளே என்ன செய்கிறார்? ஸ்டாண்டு ஃபேனை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறார்? அவர் சிரித்தால் நடிப்பு என்று பட்டது, சிரிக்காவிட்டால் குற்றவுணர்வு என்று பட்டது. அவர் கொடுத்த டீயைக்கூட வேண்டாம் என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேனேஜரிடம் படத்தைக் காட்டினேன். அவருக்கு அது போதுமாயிருந்தது. "தலைக்கவசத்தை வச்சுட்டுப் போனப்பவே நினைச்சேன். வஞ்சம் வச்சுச் செய்யறான்" என்று சொல்லி அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் வந்து நின்றார். மேனேஜர் சுற்றி வளைக்கவில்லை. "ஏன் தினமும் ரெண்டரைக்கு அந்த ரூமுக்குப் போய் பிளக்கைப் பிடுங்கற?"

"பிளக்கைப் பிடுங்கறேன்னு யாரு சொன்னது சார்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். "தங்கச்சி, நீயுமா அப்படி நினைக்கிற?"

"நான் நினைக்கலண்ணே. பதிவு அப்படித்தான் சொல்லுது" என்றேன். இதைவிடக் கோழைத்தனமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

அவர் இடுப்பிலிருந்து அறைச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரிங்க மேடம்" என்றார். அதுவரை என்னை அவர் ஒருநாளும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டோம். இரண்டு சாவியும் என்னிடம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தலைமை அலுவலகத்துக்குத் தபால் போகும். அண்ணனுக்கு அடுத்த வருடம் வேலை வேண்டாம், ஆலைக்குக் கேடு செய்தார் என்ற கடிதத்தை மேனேஜர் அதில் வைக்கத் தயார் செய்தார். அப்படி ஒரு கடிதம் போனால் இந்த ஆலை மட்டுமில்லை, எந்த ஆலையும் அவரை வாசலில் சேர்க்காது.

பூட்டுப் போட்டது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை இரண்டு நாற்பதுக்கு என் போன் அடித்தது. 'பவர் சப்ளை 2 அணைக்கப்பட்டது அல்லது பழுது.'

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது. இந்தமுறை இருபது நிமிடத்தில் அது திரும்பவுமில்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. மேனேஜரிடம் சொன்னேன். "வேற சாவி செஞ்சிருப்பான்" என்றார். வியாழக்கிழமையும் அப்படியே. நான் படிக்கட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஈ, காக்கைகூட ஏறவில்லை. ஆனாலும், பாருங்கள், என் மனம் அப்போதும் அவரை விடவில்லை. கீழே மெயின் பெட்டியில் ஏதாவது செய்கிறாரோ என்று கணக்குப் போட்டது. தப்பு என்னுடையதாக இருக்கலாம் என்று நினைப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது. இந்தமுறை வேறு செய்தி, ஸ்விட்ச்சைக் குளிரவைக்கப் பின்னால் செருகியிருக்கும் ஃபேன் தட்டுகளில் ஒன்றைப் பற்றி. 'ஃபேன் ட்ரே 2 பழுது.' பத்து நிமிடத்தில் இன்னொன்று. 'வெப்பநிலை எச்சரிக்கை, மஞ்சள்.'

மஞ்சள் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். சிவப்பு என்றால் ஸ்விட்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உயிரோடிருந்த ஃபேன்கள் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தன. லேப்டாப்பை இணைத்து நிலவரம் பார்த்தேன். உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறியிருந்தது, நடுப்பகுதியின் சூடு அதைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. ஏசி ஓடியது. அலமாரியின் முன்னால் எதுவும் அடைக்கவில்லை. ஸ்டோரில் மாற்று ஃபேன் ட்ரே ஒன்று இருந்தது. அதை எடுத்துவரச் சொல்லிவிட்டுப் பழையதில் கை வைக்காமல் நின்றேன். புதியது கையில் வருமுன் பழையதை உருவக் கூடாது. அந்த ஓட்டை வழியாகக் காற்று ஓடிவிடும், மற்ற ஃபேன்கள் இழுப்பதும் வீணாகும். அது தெரிந்தது. ஆனால் ஃபேன் ஏன் செத்தது, சூடு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே கேட்டில் லாரிகள் வரிசையில் நின்றன, தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன.

மேனேஜரைக் கூப்பிடாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

இரண்டே நிமிடத்தில் வந்தார். வாசலுக்கு வெளியே நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உள்ளே வாங்கண்ணே."

"வேண்டாம் மேடம். நான் உள்ள வந்தா நாளைக்கு இந்த ஃபேனையும் நான்தான் உடைச்சேன்னு பதிவு சொல்லும்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது. அவர்மேல் வந்ததா என்மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. "என்ன பண்ணணும்னு அங்கேருந்தாவது சொல்லுங்க" என்றேன்.

"அந்தப் பெட்டி காத்தை எங்கேருந்து இழுத்து எங்கே விடணும்?"

"முன்னாடி குளிர்ந்த காத்தை இழுத்துப் பின்னாடி வெளியே தள்ளணும்."

"தள்ளுதா?"

இத்தனை வருடத்தில் விளக்கைப் பார்த்திருக்கிறேன், திரையைப் பார்த்திருக்கிறேன், காற்றைப் பார்த்ததில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, வாசற்படியைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டினார். வாங்கிக்கொண்டு அலமாரியின் பின்பக்கம் போனேன். ஃபேன் ட்ரேக்கள் முன்னால் சிவப்பு நூலைப் பிடித்தேன். என் பக்கம் பறந்தது. முதல் பவர் சப்ளையின் முன்னால் பிடித்தேன். என் பக்கம் பறந்தது. இரண்டாவது பவர் சப்ளையின் முன்னால் பிடித்தேன். நூல் உள்ளே போய்க் கம்பி வலையில் ஒட்டிக்கொண்டது.

"என்னாச்சு?" என்றார் வாசலிலிருந்து.

"இழுக்குதுண்ணே" என்றேன்.

அப்போதுதான் கைப்பிடியைப் பார்த்தேன். முதல் பவர் சப்ளையின் கைப்பிடி நீலம். ஃபேன் ட்ரேக்கள் நீலம். இரண்டாவதன் கைப்பிடி மட்டும் சிவப்பு. காற்று போகும் திசையைக் காட்டத்தான் அந்த நிறம். இன்னொரு ஆலையில் ஸ்விட்ச்சைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அவர்களுக்குக் காற்று எதிர்த்திசையில் போக வேண்டும். மாடல் எண்ணின் கடைசி எழுத்து அதைத்தான் சொன்னது. நான் என் கையால் செருகிய சாமான், மற்ற ஃபேன்கள் வெளியே தள்ளிய சூட்டை மறுபடி உறிஞ்சிப் பெட்டிக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. மதியச் சூட்டில் தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது, ஆறியதும் எழுந்தது. அந்தச் சூட்டை எதிர்த்து இரவும் பகலும் முழு வேகத்தில் ஓடித்தான் ஃபேன் செத்திருக்கிறது.

"முதல்ல ஃபேன்" என்றார் அண்ணன். புது ட்ரே வந்திருந்தது. நீலமா என்று பார்த்தேன். பழையதை இழுத்து, இறக்கைகள் நிற்கும்வரை விரலைத் தள்ளி வைத்து, வெளியே எடுத்து, புதியதைச் செருகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நூலைப் பிடித்தேன், என் பக்கம் பறந்தது. அடுத்தது சிவப்புக் கைப்பிடி. அதை எடுத்தால் ஸ்விட்ச் ஒற்றை பவர் சப்ளையில் நிற்க வேண்டும். அது தனியாகத் தாங்குமா என்று சுமையைப் பார்த்தேன். ஸ்விட்ச் வழியாக மின்சாரம் வாங்கும் கேமராக்களில் அவசியமில்லாதவற்றை நிறுத்திச் சுமையைக் குறைத்தேன்.

"மூணு மணிக்கு ஜெனரேட்டர் சோதனை இருக்கு மேடம். அதை நிறுத்தச் சொல்லிட்டு வர்றேன். அதுவரைக்கும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். ஒற்றைக் காலில் நிற்கும்போது யாரும் தள்ளிவிடக் கூடாது அல்லவா. திரும்பி வந்து தலையை ஆட்டினார். முதல் பவர் சப்ளையின் ஒயரை அழுத்திப் பார்த்துவிட்டு, இரண்டாவதன் ஒயரைக் கழற்றி அதை உருவினேன். அந்த இடத்தை மூடுதகட்டால் அடைத்தேன். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம், நான் உள்ளே, அவர் வெளியே. இரண்டே முக்காலுக்கு மஞ்சள் அணைந்தது.

பதிவேட்டில் நடந்ததை எழுத வேண்டும். சுவரிலிருந்து எடுத்துப் பிரித்தேன். நேரக் கட்டத்தை மட்டும் நான் படம் பிடித்த அதே பக்கம். இந்தமுறை அடுத்த கட்டத்தையும் பார்த்தேன். அவருடைய குண்டுக் கையெழுத்து. 'பின்பக்கம் சூடு கூடியிருக்கு. இரண்டாவது பெட்டி அதிகம். பார்க்கவும்.' அதற்கு அடுத்த நாள், 'இன்றும் சூடு. கதவு திறந்து ஃபேன் வைத்தேன், குறைந்தது. பார்க்கவும்.' ஐந்து வாரம். ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் பார்க்கவும், பார்க்கவும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் படித்துவிட்டேன் என்பதற்கு என் கையெழுத்து.

"ஏண்ணே சரியா ரெண்டரைக்கு வருவீங்க?" என்று கேட்டேன். இதை ஐந்து வாரத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

"கீழே கம்ப்ரஸர் நாலும் ஓடி, அந்தச் சூடு மேல ஏறுற நேரம் அதுதான். ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் ஓடும். காலையில வந்து பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும் மேடம்."

நாலரை மணிக்குப் பதிவேட்டையும் சிவப்புக் கைப்பிடியையும் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஃபேன் பழசு, போச்சுன்னு எழுது. உனக்கும் கெட்ட பேர் வேண்டாம். அவன் விஷயம் அப்படியே போகட்டும். அவன் செய்யலைன்னும் சொல்ல முடியாதே" என்றார்.

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். பிறகு அவர் மேசை முன்னாலேயே உட்கார்ந்து எழுதினேன். தவறான பவர் சப்ளையை மாட்டியது நான். திசை மாறியிருக்கிறது என்று ஸ்விட்ச் அன்றே எச்சரித்திருந்தது. திரையில் அழித்ததும் பழைய பதிவில் தங்கியிருக்கும், வருமுன் தேடிப் பார்த்திருந்தேன், அந்த வரி இருந்தது, மற்றவற்றோடு அதையும் அழித்தது நான். எலக்ட்ரீஷியன் ஐந்து வாரம் எழுதி எச்சரித்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். அவர்மேல் பழி சொன்னதும் நான். கீழே கையெழுத்துப் போட்டேன், இந்தமுறை படித்துவிட்டு. மேனேஜர் அதைப் படித்தார். தபால் பையிலிருந்து தன் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அண்ணனுக்கு அடுத்த வருட வேலை எழுதப்பட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம்தான். நீலக் கைப்பிடி பவர் சப்ளை திங்கட்கிழமை வந்தது. நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பச்சை விளக்கைப் பார்த்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம், வேலைன்னா இதெல்லாம் இருக்கும்" என்றார். அறைச் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போதும் தினமும் இரண்டரை மணிக்கு என் மேசைப் பக்கம் வந்து நிற்கிறார். "மேடம், கொஞ்சம் கூட வாங்க" என்கிறார். எந்த வேலை இருந்தாலும் எழுந்து போகிறேன். நான் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றபிறகுதான் அவர் படியைத் தாண்டுகிறார். புறங்கையை அலமாரியின்மேல் வைக்குமுன் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்.